தம்பிக்கு, காலண்டர் தாளின் பின்பக்கம்

தம்பி,

உன் மாமா தவறிய வருஷம், கிழித்த காலண்டர் தாள்களின் பின்னால் எனக்கு நானே எழுதிக்கொண்டவை இதில் பாதி. மீதி, உன் மனைவியும் போய்விட்ட பிறகு உனக்காக இந்த வாரம் எழுதியது. ஒரு நாளைக்கு ஒன்று படி, மொத்தமாகப் படித்தால் கசக்கும். பிடிக்காததைக் கிழித்துப் போடு, கோபிக்க மாட்டேன்.

எழுந்ததும் ஜன்னலைத் திற. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பால் ஒரு லிட்டர் அரை லிட்டராகும் நாள் பெரிய நாள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

பழக்கத்தில் கை இரண்டு டம்ளர் எடுக்கும். எடுக்கட்டும், திட்டாதே.
(எனக்கு நாலு மாசம் அப்படித்தான். ஒருநாள் இரண்டிலும் காபி ஊற்றி, இரண்டையும் நானே குடித்தேன். ராத்திரி தூக்கம்தான் வரவில்லை.)

ஒருத்தருக்கு ஒரு ஆழாக்கு அரிசி. மீந்தால் தண்ணீர் ஊற்றி வை, காலைக்குப் பழையது ஆச்சு.

குழம்பு வராதவனுக்கு ரசம். ரசமும் வராதவனுக்கு மோர்.

நின்றுகொண்டே சட்டியிலிருந்து அள்ளித் தின்னாதே. தட்டு வை, உட்கார். ஒற்றை ஆளும் வீட்டு மனுஷன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்காமல் விடலாம். மீன்காரம்மாவிடம் "இந்த வாரம் வேணாம்மா" போதும், கதை சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையை அவள் எடுத்துக் கொடுப்பாள். இனி டப்பா கொடுக்கட்டும். ஞாயிறு ராத்திரி ஏழு அறையையும் நிரப்பி வை.

கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி கிடையாது. அழுதுகொண்டே நடந்தாலும் பின்னால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

காந்தி சிலை வரை கால் வராத நாளில் தெருமுனை வரை.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு எல்லா வீட்டுக்கும் ஒரே மணிதான் காட்டும். துக்கத்துக்கு அது பொருந்தாது.

"இன்னுமா?" என்று கேட்பவர்களுக்குத் தானே புயலைச் சொல். 2011 டிசம்பர் 30-ல் நம் பக்கத்துத் தோப்பெல்லாம் படுத்தது. மறு வாரமே எப்போ காய்க்கும் என்று எந்த மரத்தையும் யாரும் கேட்கவில்லை.
(பண்ருட்டிப் பக்கம் நம் பெரியப்பா தோப்பு உனக்கு நினைவிருக்கும். விழுந்த முந்திரியை அறுத்து அகற்றவே மாதக்கணக்காச்சு. அப்புறம் ஒட்டுக் கன்று வைத்தார். மூணாம் வருஷம்தான் கொட்டை கண்ணில் பட்டது. அதுவரை பார்க்க ஒன்றுமே இல்லாத தோப்புக்குக் காலையில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். பெரியம்மா கேலி செய்வாள்.)

பதினாறாம் நாள் முடிந்தது காரியம்தான்.

அவள் பீரோவைத் திறக்கும் நாளை நீ முடிவு செய். உன் மகளும் செய்யக் கூடாது, நானும் கூடாது.

ரேஷன் கார்டில் பேர் எடுப்பது ஒரு மனு. வீட்டில் அவள் பேரைச் சொல்வதற்கு மனு வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு ஆபீஸ். இறப்புச் சான்றிதழை முன்கூட்டியே பத்து நகல் எடுத்து வை. ஜெராக்ஸ் கடையில் பத்து தடவை போய் நிற்பது கொடுமை.

"தைரியமா இரு" என்பவருக்கு ஒரு "சரி". "சாப்பிட்டியா" என்பவருக்கு நாற்காலி.

டீக்கடையில் சிரித்துவிட்டால் துரோகம் இல்லை. அவள் உன்னைவிடச் சத்தமாகச் சிரிப்பவள்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போக மனசு வரவில்லையா, போகாதே. கடல் அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.

ராத்திரி மூணு மணிக்கு வீட்டை விற்காதே. சென்னைக்கு மகனோடு போய்விடலாம் என்பதையும் விடிந்த பிறகு யோசி.

சோறும் தூக்கமும் வாரக்கணக்கில் போனால் டாக்டரிடம் போ. வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அந்த நிமிஷமே எனக்கு போன் போடு, எந்த நேரமானாலும்.

இது நான் எனக்கு எழுதியது: பொட்டு, பிறந்த வீட்டில் அம்மா வைத்தது. அவர் கொண்டுவந்ததில்லை, கொண்டுபோகவும் இல்லை.
(உனக்கு உதவாது. எதிர்வீட்டு அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு என்றாயே, அவர்களிடம் கொடு. தானாகக் கேட்டால் மட்டும்.)

ஒன்றும் செய்யாத நாளில் குளித்தாயா? அப்போ ஒன்று செய்திருக்கிறாய்.

சனிக்கிழமை காலை மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறுகிறேன். கத்திரிக்காயும் கருவாடும் நான் கொண்டுவருகிறேன். உலை நீ வை. அன்றைக்கு இரண்டு ஆழாக்கு போடு.

அக்கா