மூட்டை ரோபோ: அடுத்த குழுவுக்கான ஒப்படைப்புக் குறிப்பு

தம்பி, தங்கச்சிமாருக்கு,

தம்பலகாமத்து அரிசிக் களஞ்சியத்தில் இரண்டு 25 கிலோ மூட்டையைத் தராசடியிலிருந்து அடுக்குவரை கொண்டுபோய் வைப்பதுதான் இலக்கு. இப்போது வண்டி ஆய்வுகூடத்துக்குள் தானாக ஓடுகிறது. களஞ்சியத்தில் பாதி வழிதான் சரியாகப் போகிறது.

முதல் வேலை சிவப்புப் பொத்தான். அதை முடிக்காமல் வண்டியை ஆட்கள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். இப்போது அது ஆர்டுயினோவின் ஒரு பின்னில்தான் இருக்கிறது. புரோகிராம் நின்றால் பொத்தானும் வேலை செய்யாது. ஒருநாள் ராஸ்பெரி பை உறைந்து, வண்டி கடைசிக் கட்டளையோடு போய் அடுக்கில் மோதியது. மூட்டை தூக்கும் அண்ணா ஒருவர் அந்த இடத்தை விட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தார். அதற்குப் பிறகு, 300 மில்லி செக்கனுக்குள் கட்டளை வராவிட்டால் மோட்டர் நிற்கும்படி எழுதினோம். அது போதாது. நீலப் பெட்டியில் 24 வோல்ட் கான்டாக்டர் வாங்கி வைத்திருக்கிறோம். மோட்டருக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகப் போகட்டும். அதன் சுருளோடு பொத்தானைத் தொடராக இணையுங்கள். பொத்தான் அழுத்தாதபோது மூடியிருக்கும் வகை என்பதால், வயர் அறுந்தாலும் வண்டி நிற்கும்.

அடுத்தது வழி தவறுவது. மேப் பிழை என்று நினைத்து இரண்டு மாதம் மேப்பையே திரும்பத் திரும்ப எடுத்தோம். பிழை சக்கரக் கணக்கில் இருந்தது. வெறும் வண்டியில் அளந்திருந்தோம். பாரம் ஏற்றினால் ரப்பர் அமுங்கி ஆரம் குறைகிறது. 5 மீற்றர் என்று காட்டியபோது உண்மையில் 4.91 தான் போயிருந்தது. பத்துச் சுற்று, அதாவது 3600 பாகை என்று காட்டியபோது 3480 பாகைதான் திரும்பியிருந்தது. பாரத்தோடு அளந்த எண்கள் இவை:

```yaml
diff_drive_controller:
  ros__parameters:
    wheel_separation: 0.434
    wheel_radius: 0.0746
```

சக்கரம் மாற்றினால் மறுபடி அளவுங்கள், மூட்டையோடு.

மேப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று அடுக்கு நிற்கும் இடம் நாளைக்கு வெறுந்தரை. அதனால் சுவரையும் தூணையும் மட்டும் நம்ப வேண்டும். தூண்களில் `tag36h11` குறிகள் ஒட்டத் தொடங்கினோம். 14 இல் 8 முடிந்தது. மிச்சத்தைக் கண் மட்டத்தில் ஒட்டாதீர்கள், கமரா தரையிலிருந்து 40 சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது.

லேசர் ஸ்கானரைக் களஞ்சியத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் மென்துணியால் துடையுங்கள். தவிட்டுத் தூசி படிந்தால் இல்லாத தடையெல்லாம் தெரியும். பற்றரி லித்தியம் அயன் பொஸ்பேட், 8 செல். 24 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஈய அமிலப் பற்றரியின் சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடக்கூடாது.

காலையில் லொறி வரும் நேரம் களஞ்சியத்துக்குப் போனால் எல்லாருக்கும் இடைஞ்சல். ஞாயிறு பின்னேரம் முதலாளியே திறந்துவிடுவார். அங்கே வேலை செய்யும் அண்ணாமாரிடம் நிறையக் கேளுங்கள். தரை எங்கே சரிவு, எந்த மூலையில் மழைநீர் கசியும் என்று எங்களுக்குச் சொன்னது அவர்கள்தான்.

திறப்பு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இருக்கிறது. கான்டாக்டர் பூட்டும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேர் வந்து கூட நிற்போம்.

அன்புடன்,
இறுதியாண்டுக் குழு