மாறிலிகளை வைப்பது யார்? கோவைப் பம்புப் பட்டறை ஒன்றில் பெற்ற உள்ளகப் பயிற்சி குறித்த சிந்தனைக் கட்டுரை

உற்பத்திப் பொறியியல் மூன்றாம் ஆண்டின் பாடத்திட்டப்படி நான் உள்ளகப் பயிற்சி பெற்ற நிறுவனம், கோவை கணபதிப் பகுதியில் வீட்டுப் பம்புகளுக்கான பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறை. நான்கு சி.என்.சி. லேத்துகள், இரண்டு பழைய லேத்துகள், ஒரு டிரில்லிங் மெஷின், இருபதுக்கும் குறைவான தொழிலாளர்கள், எல்லாவற்றையும் நேரில் பார்த்துக்கொள்ளும் ஒரு முதலாளி, அவ்வளவுதான் நிறுவனம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே. பாடநூல் தரும் சூத்திரங்கள் பட்டறையில் பொய்த்துப்போவதில்லை. ஆனால் அவற்றில் "கொடுக்கப்பட்டவை" என்று எழுதி நாம் கடந்துபோகும் எண்கள்தாம் அங்கே அன்றாடப் போராட்டமாக இருக்கின்றன, அவற்றுள் பல அந்தப் பட்டறையின் கையிலேயே இல்லை.

முதலில் தொகுதி அளவை எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்ட சிக்கன ஆணை அளவுச் சூத்திரம், Q = √(2DS/H), எங்கள் நான்காம் பருவப் பாடத்தில் இருந்தது. ஆண்டுத் தேவை D, ஒவ்வொரு முறையும் மெஷினை செட்டிங் செய்ய ஆகும் செலவு S, ஒரு பொருளை ஓராண்டு இருப்பில் வைத்திருக்கும் செலவு H ஆகிய மூன்றும் தெரிந்தால் ஒரு தடவையில் எத்தனை ஓட்டுவது என்று சொல்லிவிடலாம். பட்டறையில் இரண்டு வகைப் பாகங்கள் ஓடின. ஒன்று ஷாஃப்ட், இதற்கான ஈஎன்-8 எஃகுக் கம்பியை முதலாளியே காசு கொடுத்து வாங்கி, கடைந்து, பம்பு கம்பெனிக்கு விற்கிறார். மற்றொன்று பிராக்கெட்; இதன் வார்ப்படம் கம்பெனிக்குச் சொந்தம். ஃபவுண்டரியிலிருந்து டெலிவரி சலானோடு நேராகப் பட்டறைக்கு வந்து இறங்கும். கடைந்து அனுப்பினால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் கிடைக்கும். இதை ஜாப் ஒர்க் என்கிறார்கள்.

ஷாஃப்டுக்குக் கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 12,000 தேவை. ஒரு செட்டிங்குக்கு, முதலில் வீணாகும் ஒன்றிரண்டு ஷாஃப்டுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 450 ரூபாய். ஒரு ஷாஃப்டின் அடக்கம் 150 ரூபாய், அதில் இருபது விழுக்காடு என்று கொண்டால் இருப்புச் செலவு ஆண்டுக்கு 30 ரூபாய். விடை 600. ஆனால் பட்டறையில் ஒரு தடவைக்கு 300தான் ஓட்டினார்கள். பிராக்கெட்டிலோ நேர்மாறு: எடுத்தால் 2,000 என்று ஓட்டினார்கள், தரையெங்கும் வார்ப்படக் குவியல், நடக்க வழி கிடையாது. ஒரே கூரையின் கீழ் ஒன்று சூத்திரத்துக்குப் பாதி, மற்றொன்று பல மடங்கு. இதை முதலாளியிடம் கேட்டபோது அவர் சொன்ன பதில் எந்தப் பாடநூலிலும் இல்லாத தெளிவோடு இருந்தது: "தம்பி, ஷாஃப்டு என் காசு. பிராக்கெட்டு அவங்க காசுங்க."

அந்தப் பதிலைச் சூத்திரத்துக்குள் பொருத்திப் பார்த்தால் இரண்டு முரண்களும் தீர்ந்துவிடுகின்றன. பிராக்கெட்டில் முடங்கிக் கிடப்பது கம்பெனியின் முதல். பட்டறைக்கு அதன் H, இடத்தை அடைப்பது நீங்கலாக, பூஜ்ஜியத்தை ஒட்டியது. ஆகவே தொகுதி பெரிதாவது இயல்பு. ஷாஃப்டிலோ 600க்குப் பதில் 300 ஓட்டுவதால் ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு என்று பார்த்தேன். 600இல் செட்டிங்கும் இருப்பும் சேர்ந்து 18,000 ரூபாய்; 300இல் 22,500. கூடுதல் செலவு 4,500 ரூபாய்தான். அதற்கு ஈடாக, ஒரு தொகுதியில் முடங்கும் பணம் 90,000இலிருந்து 45,000ஆகக் குறைகிறது. வங்கியின் ஓ.டி. வரம்பு மாதக் கடைசியில் விளிம்பைத் தொட்டுவிடும் ஒரு பட்டறையில், அந்த 45,000 சனிக்கிழமைச் சம்பளமாக நிற்கிறது. இருபது விழுக்காடு என்று நான் வைத்த எண் வங்கி வட்டியை ஒட்டியது. வரம்பு தீர்ந்தபின் பணத்தின் விலை வட்டி விகிதத்தால் அளக்கக் கூடியதல்ல. முதலாளி சூத்திரத்தை மீறவில்லை, தன்னுடைய H எது என்று அறிந்து வைத்திருந்தார்.

அந்த H ஏன் அவ்வளவு உயர்ந்தது என்ற கேள்வி பட்டறைக்கு வெளியே இட்டுச் செல்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும்கூட, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை வாங்குபவர் 45 நாட்களுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி தர வேண்டும். தொழில் மேலாண்மைத் தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாக இதை எழுதியிருக்கிறோம். நடப்பில் பணம் வர 90 நாள் ஆவது வழக்கம் என்று பட்டறையின் கணக்கர் சொன்னார். வட்டி கேட்டதுண்டா என்றதற்குச் சிரித்தார். கேட்டால் வட்டி வரலாம், அடுத்த மாத ஆர்டர் வராது. சட்டம் தெரியாததால் அல்ல, தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். இந்த ஒரு எண், சரக்கு இருப்பு மேலாண்மை என்ற பாடத்தில் எங்குமே வராத எண், பட்டறையின் தொகுதி அளவைத் தீர்மானிக்கிறது.

இத்தனையும் சொன்னபின், பிராக்கெட் குவியலை நியாயப்படுத்திவிட்டேன் என்று தோன்றலாம். அங்கேதான் பாடநூலின் பக்கம் நான் நிற்கிறேன். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி, L = λW, எளிமையானது: அமைப்புக்குள் கிடப்பவற்றை ஒரு நாளில் வெளியேறுபவற்றால் வகுத்தால், ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது கிடைக்கும். தரையில் ஏறக்குறைய 3,600 வார்ப்படம். நாளொன்றுக்கு 200 வெளியே போகிறது. ஆக 18 நாள். ஒரு பிராக்கெட்டை மெஷின் தொடும் நேரமோ ஆறே நிமிடம். கம்பெனியின் காசுதானே கிடக்கிறது என்றால், காசைப் பொறுத்தவரை சரி. ஆனால் வார்ப்படத்துக்குள் இருக்கும் காற்றுத் துளை கடைந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். இன்று வார்த்ததில் உள்ள குறை 18 நாள் கழித்துத்தான் தெரிகிறது என்றால், அதற்குள் ஃபவுண்டரி அதே மணல் பக்குவத்தில், அதே குறையோடு, பல லோடுகள் வார்த்து முடித்திருக்கும். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ இருப்பைக் குறைக்கச் சொன்னதன் ஆழம் வட்டி மிச்சத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது வகுப்பில் கேட்டபோது எனக்குச் சொல்லாகவே இருந்தது. வார்ப்படக் குறையால் கழிந்தவற்றை ஃபவுண்டரிக்குத் திருப்பிவிடலாம். கடைசலுக்குச் செலவான மெஷின் நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

பெரிய தொகுதிக்கு மற்றொரு காரணம் செட்டிங் நேரம். ஷிகியோ ஷிங்கோவின் முறைப்படி, மெஷின் நின்றால் மட்டுமே செய்யக் கூடிய வேலைகளையும் ஓடும்போதே முடிக்கக் கூடிய வேலைகளையும் பிரித்து, ஒரு மாற்றத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தேன். மொத்தம் 70 நிமிடம். அதில் பாகத்தைப் பிடிக்கும் ஜாவைத் தேடுவதும் வெட்டுமுனையான இன்சர்ட்டை எடுத்து வருவதும் மெஷின் ஓடும்போதே செய்திருக்கக் கூடியவை. சாஃப்ட் ஜாவை போரிங் செய்வதும் வெட்டுமுனையின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் கொடுப்பதும் நின்றுதான் ஆக வேண்டும். இதுவரை பாடநூல் போலவே. ஆனால் அந்த 70இல் மிகப் பெரிய துண்டு, செட்டர் அடுத்த மெஷினில் இருந்ததால் காத்திருந்த நேரம். நான்கு மெஷினுக்கு ஒரே செட்டர். ஜாவுக்கு ரேக் வைத்தால் சில நிமிடம் மிச்சமாகும். இரண்டாவது செட்டரை வைத்தால் நிறைய மிச்சமாகும். பயிற்றுவித்த ஆட்கள் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவதால் அதற்கு முதலாளி தயங்குகிறார். இது வரிசைக் கோட்பாட்டில் நாங்கள் போட்ட கணக்குதான்; வேலைக்கு ஆளை நிறுத்திவைக்கும் சிரமம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

தரக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் என் பயிற்சியில் நான் மிகவும் ரசித்துக் கவனித்தது அதுதான். பிராக்கெட்டில் 6203 பேரிங் உட்காரும் துளை 40 மி.மீ., எச்-7 அளவு, அதாவது 40.000க்கும் 40.025க்கும் இடையில் இருக்க வேண்டும். வால்டர் ஷூவார்ட் 1924இல் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை இங்கே பயன்படுத்தச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தேன். பட்டறையில் இருந்ததோ கோ, நோ-கோ பிளக் கேஜ். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இந்தக் கேஜ் ஆம், இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது, அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டாது என்பது பாடம். ஆனால் மெஷினில் நின்ற அக்கா, கேஜை நுழைக்கும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்புவார். இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும்; கேஜ் வழுக்கி நுழைவதும், உரசி நுழைவதும், அழுத்தினால்தான் நுழைவதும் அவர் கைக்கு வெவ்வேறு. உரசல் வந்ததுமே, இன்னும் ஒன்றுகூட கழியாத நிலையில், ஆஃப்செட்டில் ஐந்து மைக்ரான் கூட்டுவார். வரைபடம் காட்ட வேண்டிய நகர்வை அந்தக் கை படித்துக்கொண்டிருந்தது.

வெட்டு வேகம் V, கருவி ஆயுள் T ஆகியவற்றை இணைக்கும் டெய்லரின் கருவி ஆயுள் சமன்பாட்டில், VTⁿ = C, C என்பது மாறிலி. வார்ப்படத்தில் அது மாறிலியாக இருப்பதில்லை. சில லோடுகளில் விளிம்பு இறுகி, 80 பிராக்கெட் தாங்கும் இன்சர்ட் முப்பதிலேயே மழுங்கிவிடும். எண்ணிக்கை வைத்து இன்சர்ட் மாற்றச் சொன்னால் நல்ல லோடில் வீண் செலவு, இறுகிய லோடில் ரிஜெக்‌ஷன். அந்த அக்காவோ சத்தத்தைக் கேட்டு மாற்றினார். இந்த அறிவு உயர்ந்தது என்று மெச்சிவிட்டு நகர்வது எளிது. அவர் விடுப்பில் இருந்த ஒரு ஷிஃப்டில் கழிவு கூடியதையும் நான் பார்த்தேன். ஒரு டயல் போர் கேஜும் ஒரு தாளும் இருந்தால் புதிய ஆள் அந்த நகர்வை எண்ணாகப் பார்க்க முடியும். ஷூவார்ட்டின் வரைபடத்துக்கு இந்தப் பட்டறையில் உள்ள இடம், அந்த அக்காவுக்குப் பதிலாக அல்ல, அவர் இல்லாத நாளுக்காக.

பயிற்சியின் இறுதியில் நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை ஒன்றே. புதிய வார்ப்பட லோடு இறங்கிய அன்றே அதில் இருபதை எடுத்து, சி.என்.சி.யைத் தொடாமல், சும்மா நிற்கும் பழைய லேத்தில் துளையை மட்டும் ரஃப்பாகக் கடைந்து பார்த்துவிட வேண்டும். காற்றுத் துளை இருந்தால் 18 நாள் காத்திராமல் அன்றைக்கே ஃபவுண்டரிக்குச் சொல்லலாம். புதிய செட்டிங் தேவையில்லை என்பதால் செட்டர் எதிர்க்கவில்லை. முதலாளி ஒரு கம்பெனியின் பிராக்கெட்டுக்கு மட்டும் தொடங்கிப் பார்க்க ஒப்புக்கொண்டார். கூடவே ஒன்று கேட்டார்: வார்ப்படம் கம்பெனியுடையது, குறை ஃபவுண்டரியுடையது, அந்த இருபதைக் கடைந்து பார்க்கும் கூலியை யார் பில்லில் போடுவது? கம்பெனியின் கொள்முதல் பிரிவோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் விடைபெறும்வரை அது முடிவாகவில்லை.