நாகஸ்வர வித்வானின் மூன்று படங்கள்: ஒளியமைப்புடன் முழு பிராம்ப்ட்

திருவாரூர்க் கோயில் விழாவுக்கான மூன்று மடிப்பு அழைப்பிதழுக்கு ஒரே மனிதரின் மூன்று உருவப்படங்கள் வேண்டும். கேமராவில் எடுத்த ஒளிப்படம் போலத் தெரிய வேண்டும். ஓவியச் சாயல் வேண்டாம்.

மூன்றிலும் மாறாதவை: 64 வயது நாகஸ்வர வித்வான். கறுத்த தேகம், நெற்றியில் விபூதி, வெள்ளி நரை, காதில் கடுக்கன், வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் செய்த நாகஸ்வரம். ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட உலவு, அடியில் விரிந்த மர அணசு, மேலே நாணலில் செய்த சீவாளி, பக்கத்தில் நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகள். ஷெனாயோ கிளாரினெட்டோ வரக் கூடாது.

தோல் நிறத்தை எந்த ஒளியிலும் வெளுக்க வைக்காதே. அவர் கறுப்பு, அந்தக் கறுப்பில்தான் இந்தப் படங்களின் அழகே இருக்கிறது. வெளிச்சம் படும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் ஒரு மினுமினுப்பு தெரியட்டும். அதைச் சுற்றியுள்ள தோல் தன் நிறத்திலேயே இருக்கட்டும். சுருக்கங்களையும் மயிர்க்கால்களையும் வழவழப்பாக்க வேண்டாம்.

முதல் படம், அட்டைக்கு: கோல்டன் ஹவர். கமலாலயக் குளத்தின் கிழக்குக் கரைப் படிக்கட்டில், நாகஸ்வரத்தை மடியில் வைத்து வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவருக்கு எதிரே. சூரியன் மறையக் கால் மணி நேரம் இருக்கிறது. படத்தின் வலப்பக்கத்திலிருந்து, தண்ணீருக்கு மேலாகத் தாழ்வாக வரும் வெயில், சுமார் 3200 கெல்வின். படத்தில் வலப்பக்கம் தெரியும் கன்னத்தில் பொன்னிறம். தாடைக்கு அடியில் தண்ணீரிலிருந்து எதிரொளித்த மெல்லிய வெளிச்சம். மறுபக்கக் கன்னத்து நிழலில் மட்டும் வானத்தின் லேசான நீலம். படம் முழுக்க ஆரஞ்சு பூச வேண்டாம். நிழல் குளிர்ச்சியாக இருந்தால்தான் வெயிலின் இளஞ்சூடு கண்ணுக்குத் தெரியும். படிகளில் நீண்ட நிழல். 85 எம்எம் லென்ஸ், f/2.8, பின்னணி மங்கல். நாளெல்லாம் வாசித்து முடித்த ஆள் ஆற அமர உட்கார்ந்திருக்கும் நிம்மதி.

இரண்டாவது, உள்பக்கத்துக்கு: சாஃப்ட்பாக்ஸ். ஸ்டுடியோ, பழுப்புக் கலந்த சாம்பல் பின்னணி. சீவாளியைப் பொருத்திவிட்டு நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். 90 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ் ஒன்று கேமராவுக்கு இடப்பக்கம் 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே, முகத்திலிருந்து ஒரு மீட்டரில். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் நிழலின் ஓரம் கரைந்து போக வேண்டும். வலப்பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டர்; வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 3:1 விகிதம். நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம். இரண்டு கருவிழிகளிலும் பத்து மணி முள் நிற்கும் இடத்தில் விளக்கின் பிரதிபலிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று தோன்ற வேண்டும்.

மூன்றாவது, விழா நிரல் பக்கத்துக்கு: ரிம் லைட். எனக்கு மிக முக்கியமான படம் இது. இரவுப் புறப்பாடு, மல்லாரி வாசித்துக்கொண்டிருக்கிறார். கன்னங்கள் உப்பியிருக்கின்றன, கண்கள் பாதி மூடியிருக்கின்றன, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. முன்பக்கம் முக்கிய விளக்கே கிடையாது. அவருக்குப் பின்னால் இடப்பக்கம், தலைக்குச் சற்று மேலே தீவட்டி, படச் சட்டத்துக்கு வெளியே. அதன் மஞ்சள் ஒளி காது மடல், உப்பிய கன்னத்தின் விளிம்பு, தோள், முழங்கை, நாகஸ்வரத்தின் முழு நீளம், கடைசியில் அணசின் வளைவு என்று ஒரே மெல்லிய கோடாக இறங்கி வர வேண்டும். பின்னால் வலப்பக்கத்திலிருந்து தெருவின் டியூப் லைட், நீலச் சாயலோடு, தீவட்டியில் பாதி அளவுக்கு; நரைமுடியையும் அங்கவஸ்திரத்தின் ஓரத்தையும் மட்டும் தொட்டால் போதும். முகத்தின் முன்பக்கம் விளிம்பொளியைவிட மூன்று ஸ்டாப் குறைவு. விபூதிக் கோடுகளும் மூக்கும் இருட்டில் மங்கலாகத் தெரியட்டும், முழு நிழலுருவமாகிவிடக் கூடாது. எண்ணெய்ப் புகை பின்னொளியில் சுருண்டு எழுகிறது. நெற்றிப் பொட்டில் வியர்வைத் துளி ஒன்று மின்னுகிறது. தூரத்துத் தீவட்டிகள் வெறும் ஒளிப் பொட்டுகள். வேட்டியின் வெண்மை வெளிறிப் போகாமல் மடிப்புகள் தெரிய வேண்டும். அப்புறம், விரல்கள்: ஒரு கைக்கு ஐந்துதான், துளைகளின் மேல் சரியாகப் பதிந்திருக்க வேண்டும்.

வேண்டாதவை: செயற்கைப் புன்னகை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், லென்ஸ் ஃப்ளேர், படத்துக்குள் எழுத்துகள். மூன்றும் 4:5 அளவில், தலைக்கு மேல் தலைப்பு அச்சிட இடம் விட்டு.