இயற்பியல் மிஸ்ஸுக்கு 12-அ வகுப்பின் பொங்கல் வாழ்த்து

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

12-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவ மாணவியர் 36 பேரும் சேர்ந்து சொல்லும் பொங்கல் வாழ்த்து இது. எழுதுவது மட்டும் வகுப்புத் தலைவியாகிய நான்.

கடையில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். கோத்தகிரி மார்க்கெட் முழுக்கத் தேடியும் எல்லாவற்றிலும் ஒரே படம். பானை, கரும்பு, சூரியன், இரண்டு மாடு. உள்ளே அச்சடித்த நான்கு வரி, கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடம். அதில் 36 பேர் எங்கே கையெழுத்துப் போடுவது? அதனால் ரெக்கார்டு நோட்டுத் தாளையே கிழித்துக்கொண்டோம். வலது பக்கம் கோடு போட்ட தாள், இடது பக்கம் வெள்ளைத் தாள். "வெள்ளைப் பக்கத்தில் படம் மட்டும்தான்" என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அங்கே பானை வரைந்திருக்கிறது. பாகங்களைக் குறித்தும் இருக்கிறது. அது என் வேலை இல்லை, கடைசி பெஞ்சு.

ஒரு வேண்டுகோள். இதை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் படிக்காதீர்கள். வளைவுகளில் உங்களுக்குத் தலை சுற்றும் என்று எங்களுக்குத் தெரியும். கீழே இறங்கிய பிறகு, கோயம்புத்தூரில் தஞ்சாவூர் பஸ் ஏறி உட்கார்ந்து படியுங்கள்.

மிஸ், எங்கள் வகுப்பில் பொங்கல் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் வீட்டில் பெரிய பண்டிகை என்றால் ஹெத்தை ஹப்பாதான். அதற்காக ஒரு மாதமாகவே வீடு பரபரப்பாக இருக்கும், பேரகணிக்கு வெள்ளை உடுத்திப் போய் வருவோம். அது முடிந்த கையோடு பொங்கலும் வந்து நிற்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்களுக்குப் பொங்கல்தான் பெரிய பண்டிகை. வாசலில் வரிசையாக அடுப்புக் கூட்டி, எந்த வீட்டுப் பானை முதலில் பொங்குகிறது என்று ஓடி ஓடிப் பார்ப்பார்களாம். குஞ்சப்பனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு கதை. ஆனால் அரிசி மட்டும் எங்கள் யார் வீட்டிலும் விளைவதில்லை. தேயிலை விளையும், காரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் விளையும். அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் லாரி ஏறி மேலே வர வேண்டியவைதான். நீங்களும் அதே ரோட்டில்தான் ஏறி வந்தீர்கள், நெல் விளைகிற ஊரிலிருந்து. அதனால் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லும்போது, வயலில் நிற்கிற உங்கள் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். (ஒரே குரலில் சொன்ன விஷயம் இந்த வருடத்தில் இது ஒன்றுதான்.)

போன வருடம் பள்ளியில் சமத்துவப் பொங்கல் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பானைப் பொறுப்பு உங்களுடையது. "தஞ்சாவூர்க்காரங்க கைப்பக்குவம்" என்று மற்ற ஆசிரியர்கள் எல்லாம் தட்டோடு காத்திருந்தார்கள். பால் நீங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே பொங்கி விறகை அணைத்துவிட்டது. குலவை போடக்கூட யாரும் தயாராக இல்லை. பிறகு ஊர்க் கணக்கில் நேரம் பார்த்து இறக்கினீர்கள். தலைமையாசிரியர் ஒரு வாய் எடுத்துப் போட்டு ரொம்ப நேரம் மென்றுகொண்டே இருந்தார். அப்புறம், "வெல்லம் நல்ல வெல்லம்" என்றார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றோம் என்பதை இப்போது சொல்லலாம்.

வேறு யாராக இருந்தாலும் அதை அதோடு விட்டிருப்பார்கள். நீங்கள் பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் பீரியடே எங்களை லேபுக்குக் கூட்டிப்போனீர்கள். பீக்கரில் தண்ணீர், ஸ்டாண்டில் தொங்கவிட்ட தெர்மாமீட்டர். "எத்தனையில் கொதிக்கும்?" என்று கேட்டீர்கள். நூறு என்று வகுப்பே கத்தியது. பாதரசம் 90 தாண்டியது, 92, 93. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் 94-இல் போய் அப்படியே நின்றுவிட்டது. "மிஸ், தெர்மாமீட்டர் ரிப்பேர்" என்று ஒரு குரல் வந்தது. நீங்கள் மறுப்பே சொல்லாமல் வேறொன்றை எடுத்து மாட்டச் சொன்னீர்கள். அதுவும் 94. மூன்றாவதும் 94. அப்புறம்தான் போர்டுக்குத் திரும்பினீர்கள். கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், இங்கே காற்றழுத்தம் கம்மி, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஊட்டியில் 92, 93-இல் கொதித்துவிடும், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அங்கே 91-தான் வரும். பால் சீக்கிரம் பொங்கும், ஆனால் அரிசி வேக நேரம் பிடிக்கும். தலைமையாசிரியர் ஏன் அவ்வளவு நேரம் மென்றார் என்பதற்கு விடை போர்டில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா, "இதுக்கு எதுக்கு தெர்மாமீட்டர்? மலையில பருப்பு குக்கர் இல்லாம வேகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஏன் வேகாது என்று கேட்டேன். பதில் வரவில்லை. குக்கருக்குள் அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்று நான் சொல்ல, அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். வீட்டில் பாடம் நடத்தியது எனக்கு அதுதான் முதல் தடவை. இந்த வருடம் வாராவாரம் ரிவிஷன் டெஸ்ட் வைக்கிறீர்களே, அதையும் வெயிட் போட்ட குக்கர் என்றுதான் பசங்கள் சொல்கிறார்கள். எத்தனை விசில் என்று மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மிஸ், நவம்பர் மழையைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். நம் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும்போது இங்கே சாரலும் மஞ்சும்தான். நவம்பரில்தான் எங்களுக்கு மண் சரியும். அப்படி ஒரு காலை ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. பாதி வகுப்பு வரவில்லை, முதல் பீரியட் ஃப்ரீ என்று நாங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள். அரவேனுவிலிருந்து நடந்தே வந்திருந்தீர்கள். சேலை முழங்கால் வரை செம்மண், குடையில் ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. சாக்பீஸ் ஈரமாகி எழுதவில்லை என்று மட்டும் திட்டினீர்கள், அதுவும் சாக்பீஸைத்தான். அப்புறம் ஸ்னெல் விதி. வராதவர்களுக்காக மறுநாள் அதே பாடத்தை மறுபடியும் எடுத்தீர்கள். இரண்டு தடவை கேட்ட எங்களுக்கு அந்த டெஸ்ட்டில் நல்ல மார்க் வந்தது, அது வேறு விஷயம்.

பனி நாட்களில் லேட்டாக வருகிறவர்களை நீங்கள் வெளியே நிறுத்தாததற்கும் நன்றி சொல்ல வேண்டும். பள்ளத்தில் தோட்டம் இருக்கிற வீட்டுப் பசங்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்ப் பயிருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புகிறார்கள். குளிர்ந்த காற்று கனம், சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பித்துப் பள்ளத்துத் தோட்டம் கருகுகிறது என்று நீங்கள் சொன்ன பிறகு, அவர்கள் லேட்டாக வருவதற்கும் ஒரு இயற்பியல் காரணம் கிடைத்துவிட்டது. இப்போது பனியே இல்லாத நாளிலும் அதே காரணத்தைச் சொல்கிறார்கள். லீடர் என்ற முறையில் இதைத் தெரிவித்துவிடுகிறேன்.

போகிக்கு டயர் கொளுத்த மாட்டோம். பள்ளத்தில் புகை மேலே போக வழியில்லாமல் காலை முழுக்க எப்படி நிற்கிறது என்று பள்ளி மேட்டிலிருந்து நீங்கள் கைநீட்டிக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பழைய பாய், கிழிந்த கூடை இருந்தால் மட்டும் பேருக்குக் கொஞ்சம் கொளுத்துவோம். பாட்டிகளிடம் அதற்கு மேல் எங்களால் பேச முடியாது.

பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத்தூள் இரண்டு பாக்கெட், ஒன்று உங்கள் வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. உங்கள் ஊர் டீயை ஒரு நாள் நீங்களே குறை சொன்னதால் வைத்தோம். வர்க்கி ஒரு பை, நசுங்காமல் மேலே வைத்திருக்கிறோம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரட் கொஞ்சம், மண்ணோடு இருக்கிறது, கழுவினால் சீக்கிரம் கெட்டுவிடும். என் அம்மா செய்த எண்ணெஹிட்டு தனியாக டப்பாவில். டப்பா திரும்பி வர வேண்டும் என்று அம்மா இரண்டு முறை சொன்னார்.

அடியில் துணி சுற்றி ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. பயப்படாதீர்கள், திருடவில்லை. லேப் அண்ணாவிடம் கேட்டு, பதிவேட்டில் என் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பொங்கல் அன்று காலையில் ஊரில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொங்கல் பானையில் விடாதீர்கள் மிஸ், அது லேப் தெர்மாமீட்டர். நூறு என்று புத்தகம் சொல்கிறது, நூறு என்று நீங்களும் சொல்கிறீர்கள். ஆனால் எங்களில் பாதிப் பேர் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதித்துப் பார்த்ததே இல்லை. 94-ஐக் கண்ணால் பார்த்துவிட்டு நூறை மட்டும் எப்படி நம்புவது? 99.5 என்று ஒரு கட்சி, சரியாக 100 என்று ஒரு கட்சி. தோற்கிற கட்சி எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள், பாதரசம் தெரிகிற மாதிரி. அப்படியே பச்சரிசி வேக எத்தனை நிமிடம் என்றும் குறித்து வந்தால், இங்கே நாங்கள் குறிப்பதோடு சேர்த்து அட்டவணை போட்டுவிடுவோம்.

ஊரில் அப்பா, அம்மா எல்லோருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். சம்பா நன்றாகக் கண்டு முதல் ஆகட்டும், அறுப்பு நேரத்தில் மழை வராமல் இருக்கட்டும். உங்களுக்கும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இனிய தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் நல்வாழ்த்துகள். பொங்கலோ பொங்கல்!

பள்ளி திறக்கும் அன்று முதல் பீரியட் உங்களுடையதுதான். டெஸ்ட் இருக்காது என்ற நம்பிக்கையோடு,

வகுப்புத் தலைவி,
12-அ வகுப்பு மாணவ மாணவியர் 36 பேரின் சார்பில்,
கோத்தகிரி.

(கையெழுத்துகள் பின்பக்கம். 35 இருக்கும். ஒருவனுக்குக் காய்ச்சல், போனில் சம்மதம் சொல்லிவிட்டான்.)