வந்துவிட்டாள்! குடும்பத்துக்கு ஒரு குட்டி வீடியோ

[கறுப்புத் திரை. இரண்டு விநாடி அமைதி. அப்புறம் ஒரு சின்னத் தும்மல்.]

அப்பா (குரல் மட்டும்): தும்மியது நான் இல்லை!

[ஜன்னல் வெளிச்சம். அம்மா கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். மார்பில் துணியில் சுற்றிய குழந்தை, முகம் இன்னும் தெரியவில்லை.]

அம்மா: தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, வாண்டுகள், எல்லாரும் வந்தாச்சா? செவ்வாய்க்கிழமை விடிகாலை 4.12க்கு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். 2.9 கிலோ. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

அப்பா: நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு 11 நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். பை கூட கட்டி முடிக்கவில்லை. அவசரத்தில் நான் எடுத்துப் போட்டது இரண்டு சார்ஜர்.

அம்மா: அதில் ஒன்று பழுது.

[கேமரா மெல்லக் கிட்டே போகிறது. குழந்தையின் முகம். மூடிய கைக்குள் அப்பாவின் சுண்டுவிரல்.]

அப்பா: பிடித்தால் விடுவதில்லை. பிறந்த குழந்தைகள் எல்லாருமே இப்படித்தான் பிடிப்பார்கள் என்று நர்ஸ் சொன்னார். இருக்கட்டும், என் விரலை என் மகள் பிடித்திருக்கிறாள்.

அம்மா: மூக்கு யார் ஜாடை என்ற பஞ்சாயத்து குரூப்பில் இப்போதே ஆரம்பித்திருக்கும். முடி மட்டும் என் மாமியாருடையது, அதில் சந்தேகமே இல்லை அத்தை.

[குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது.]

அம்மா: இப்போதைக்கு அவளுக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் எல்லாம் மங்கல்தான். வீடியோ காலில் நீங்கள் எவ்வளவு கையசைத்தாலும் தெரியாது. ஆனால் காது கேட்கும். வயிற்றில் இருக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தவள். அதனால் ஒரு வேண்டுகோள்: ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். "நான் உன் பாட்டி", "நான் உன் சித்தப்பா" என்று உறவைச் சொல்லி ஆரம்பியுங்கள். தினமும் பால் குடித்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறோம்.

அப்பா: நேரில் பார்க்க ஆசை இருக்கும், தெரியும். இரண்டு வாரம் கொடுங்கள், அப்புறம் ஒவ்வொரு வீடாக வாருங்கள். சளி, இருமல் இருந்தால் முழுசாகச் சரியானதும் வரலாம். கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். கன்னத்தில் முத்தம் கொஞ்ச நாள் வேண்டாம். கொஞ்சுவதற்குப் பாதம் இருக்கிறது பாருங்கள்!

[துணிக்கு வெளியே நீட்டிய ஒரு பாதம்.]

அம்மா: படத்தை ஸ்டேட்டஸில் மட்டும் போட வேண்டாம், ப்ளீஸ். இது நம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

அப்பா: பெயர் இன்னும் வைக்கவில்லை. பட்டியலில் நாலு இருக்கிறது. இப்போதைக்கு எங்களுக்குக் குட்டிம்மா.

[குழந்தைக்கு விக்கல். அம்மா முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.]

அம்மா: பாட்டி, உங்களைத்தான் நினைக்கிறாள் போல.

அப்பா: சரி சரி, அழப் போகிறாள், நிறுத்து, நிறு...

[படம் அணைகிறது.]