மூடிய ஐந்து பணிகளின் பாடங்கள்: திரும்பத் திரும்ப வந்த காரணங்களும் இனிச் செய்ய வேண்டியவையும்

பெறுநர்: வடிவமைப்பு, கொள்முதல், சிவில், களப்பணிப் பிரிவுத் தலைவர்கள்
அனுப்புநர்: திட்ட மேலாண்மைப் பிரிவு, கோவை

பெருந்துறை, பல்லடம், கரூர், திருப்பூர், பவானி ஆகிய ஐந்து இடங்களிலும் சாய ஆலைகளுக்குக் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் கொடுத்து, பணியை மூடிவிட்டோம். ஒன்றுகூட நாளுக்கு முடியவில்லை. பெருந்துறை 14 வாரம், திருப்பூர் 11, கரூர் 9, பல்லடம் 7, பவானி 5 என மொத்தம் 46 வாரத் தாமதம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின், நிலையம் ஓடாமல் ஆலை ஓட முடியாது. நாம் இழுக்கும் ஒவ்வொரு வாரமும் வாடிக்கையாளரின் சாயத்தொட்டி காய்ந்து கிடக்கும் வாரம் என்பதை மனதில் வைத்து இதைப் படிக்கவும்.

தொகுத்த முறை

ஐந்து மூடல் அறிக்கைகளிலும் சேர்த்து 63 குறிப்புகள் இருந்தன. ஒரே அறிக்கைக்குள் வேறு சொற்களில் இரண்டாம் முறை எழுதப்பட்டவை 22. அவற்றைக் கழித்து மீந்த 41-இல், ஒரே பணியில் மட்டும் நடந்தவை 12. மற்ற 29-உம் நான்கு காரணங்களுக்குள் அடங்கின. குறைந்தது மூன்று பணிகளில் நடந்திருக்க வேண்டும், தேதியுள்ள தாள் ஒன்றாவது (கூட்டக் குறிப்பு, டெலிவரி சலான், கேட் ரிஜிஸ்டர்) சாட்சியாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ‘திரும்ப வந்த காரணம்’ என்று எடுத்தோம்.

‘ஒருங்கிணைப்புப் போதவில்லை’ என்ற வரி ஐந்து அறிக்கைகளிலும் இருக்கிறது. அதைக் காரணமாக ஏற்கவில்லை. அந்த வரி வந்த இடத்திலெல்லாம், அன்றைக்கு யார், எந்தத் தாளை வைத்து, என்ன முடிவு எடுத்தார் என்று தேடினோம். கீழே உள்ள நான்கும் அப்படிக் கிடைத்தவை.

1. தவறான நாளில் எடுத்த தண்ணீர் (9 குறிப்புகள், 19 வாரம்)

பவானி தவிர நான்கு பணிகளிலும் இதுதான். தாமதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு காரணத்தால் வந்ததால் இதை விரிவாகச் சொல்கிறோம்.

பெருந்துறையில் மாதிரி எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு விடுமுறை முடிந்து ஆலையில் வெள்ளையும் வெளிர் ஷேடும் மட்டும் ஓடிய நேரம். டி.டி.எஸ். லிட்டருக்கு 4,200 மி.கி. வந்தது. கொஞ்சம் கூட்டி 5,000 என்று வடிவமைத்தோம். கருப்பு, நேவி போன்ற அடர் ஷேடுக்கு வெளிர் ஷேடைப் போல மூன்று மடங்குக்கு மேல் உப்பு போடுவார்கள். ஓட்டிப் பார்த்தபோது உண்மையில் வந்தது 7,400.

அதன் விளைவு இது. ஆர்.ஓ. கழிவை 50,000 வரை அடர்த்தியாக்குகிறோம் என்றால், 5,000-க்கு உள்ளே வரும் நீரில் 10 சதவீதம் எவாப்பரேட்டருக்குப் போகும். 7,400-க்கு அது 15 சதவீதத்தை ஒட்டிவிடும். நாளொன்றுக்கு 500 கிலோலிட்டர் ஆலையில் 50 கிலோலிட்டர் என்று கணக்கிட்டது 74 ஆனது. வாங்கி வைத்த எவாப்பரேட்டரின் கொள்ளளவு 60. முன்னால் உயரழுத்த ஆர்.ஓ. நிலை ஒன்றைச் சேர்க்க 8 வாரம் போனது.

ஆலையின் உப்புக் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். உப்பும் சோடாவும் சேர்த்து நாளுக்கு 3,200 கிலோ. அதை 500 கிலோலிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 6,400 மி.கி.; வாங்கும் தண்ணீரிலேயே இருக்கும் 1,000-ஐக் கூட்டினால் 7,400. மூட்டைக் கணக்கு பொய் சொல்லாது.

இனி: மூன்று வேலை நாள், நாளுக்கு 24 மணி நேரம், மணிக்கொரு முறை எடுத்துக் கலந்த மாதிரி. அதில் ஒரு நாளாவது அடர் ஷேடு ஓடியதாக டையிங் மாஸ்டரின் லாட் கார்டு இருக்க வேண்டும். கூடவே மூன்று மாத உப்புப் பதிவேட்டுக் கணக்கு. இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வடிவமைப்புத் தலைவர் கையெழுத்திடக் கூடாது.

2. மிஷின் வரைபடம் வருவதற்கு முன் போட்ட கான்கிரீட் (8 குறிப்புகள், 10 வாரம்)

கரூர், பல்லடம், பவானி. பம்பு சப்ளையரின் உறுதி வரைபடம் வருவதற்குள், முதல் வரைபடத்தை வைத்துத் தொட்டிச் சுவர் எழுப்பிவிட்டோம். குழாய் வாய் இடம் மாறியது. கோர் கட்டிங் போட்டுக் குழாயைச் செருகினால், சுவரோடு சேர்த்து வார்த்த குழாய்போல் அந்த இடம் பிடிக்காது, கசியும். கரூரில் அதே சுவரை மூன்று முறை கிரவுட் செய்தார்கள். சுவருக்கான கம்பி கட்டும் முன், சப்ளையரின் கையெழுத்துள்ள வரைபடம் சைட்டில் இருக்க வேண்டும். பழைய பிரதியைச் சிவில் இன்ஜினியர் கிழித்துவிட வேண்டும். பூசுவதற்கு முன் ஏழு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். இதில் வேறு வழி கிடையாது.

3. தீபாவளி இணைப்பு (7 குறிப்புகள், 8 வாரம்)

ஓடுகிற ஆலையின் கழிவுநீர்க் குழாயை நம் தொட்டியோடு இணைக்க ஆலை நிற்க வேண்டும். ஆலை சேர்ந்தாற்போல் நிற்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். நம் வெல்டர், பிட்டர் ஊருக்குப் போவதும் அப்போதுதான். திருப்பூர், பெருந்துறை, பல்லடம் மூன்றிலும் அந்த வாய்ப்பை விட்டுவிட்டு, பிறகு ஞாயிறு ஞாயிறாக வேலை பார்த்தோம். ஆட்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பண்டிகைக்கு வீட்டுக்குப் போவது அவர்கள் உரிமை. களப்பணித் தலைவர் 45 நாள் முன்பே விருப்பமுள்ள ஆறு பேரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, இரட்டைச் சம்பளமும் பண்டிகை முடிந்ததும் பத்து நாள் விடுப்பும் தர வேண்டும்.

4. மின் லோடு விண்ணப்பம் (5 குறிப்புகள், 7 வாரம்)

திருப்பூர், பெருந்துறை, பவானி. பேனல் சைட்டுக்கு வந்த பிறகு எச்.டி. கூடுதல் லோடு கேட்டோம். ஜெனரேட்டரில் எவாப்பரேட்டரை முழுச் சுமையில் சோதிக்க முடியவில்லை. மின்பளு பட்டியல் உறுதியாகும் வாரமே வாடிக்கையாளர் பெயரில் விண்ணப்பம் போக வேண்டும். பொறுப்பு: மின்பிரிவு.

ஒரே முறை நடந்தாலும் விடக் கூடாதது

பவானியில் மார்கழி இரவில் உப்புநீர்க் குழாய் 60 மீட்டருக்கு இறுகிவிட்டது. 2 வாரம் போனது. எண்ணிக்கைப்படி இது இணைப்பில் இருக்க வேண்டும். ஆனால் சோடியம் சல்பேட் பயன்படுத்தும் எந்த ஆலையிலும் இது நடக்கும். 32.4 டிகிரிக்குக் கீழே அது ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு படிகமாகும். கரைதிறனும் சரசரவென்று இறங்கும். பகலில் ஒழுங்காக ஓடும் குழாய், இரவு 20 டிகிரியை ஒட்டும்போது பம்பு நின்றால் கல்லாகிவிடும். அடர் உப்புநீர்க் குழாய்க்கு 100-க்கு 1 சரிவு, வெப்பக்காப்பு, கடைசி முனையில் வடிகால் வால்வு வேண்டும். பம்பு நின்றதும் ஆர்.ஓ. நல்ல நீரைச் சூடாக்கிக் கழுவும் வரிசை கட்டுப்பாட்டுப் பேனலிலேயே இருக்க வேண்டும். ஷிப்டு ஆளின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

மற்ற 11 தனிக் குறிப்புகள் இணைப்பில் உள்ளன. அடுத்த பணிகளில் ஏதாவது மீண்டும் தலைகாட்டினால் அப்போது எடுத்துக்கொள்வோம்.

நடைமுறை

காங்கேயம் பணியிலிருந்து இவை அமலுக்கு வருகின்றன. அங்கே இதுவரை எடுத்த ஒற்றை மாதிரி செல்லாது. ஆலையின் உப்புப் பதிவேட்டை இந்த வாரமே வாங்கவும். கணக்குத் தாள் வராமல் எவாப்பரேட்டருக்கான கொள்முதல் ஆணை வெளியே போகாது.