12-09-2024 பிசிக்ஸ் லேப்ல தப்பா விழுந்த ஆப்சென்ட்ட மாத்தித் தரச் சொல்லி ஒரு ரெக்வெஸ்ட், ப்ரூஃப் சேத்திருக்கேன்

தேதி: 23-09-2024

மேடம் வணக்கம்,

நான் பிஎஸ்சி பிசிக்ஸ் செகண்ட் இயர், பி பேட்ச், ரோல் நம்பர் 24 கார்த்திகா. இந்த மாசம் 12ஆம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் நடந்த நம்ம லேப்ல அஞ்சாவது பீரியட்ல இருந்து ஏழாவது பீரியட் வரைக்கும் மூணு அவருக்கும் போர்ட்டல்ல எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கு மேடம். ஆனா அன்னைக்கு நான் லேப்லதான் இருந்தேன், நியூட்டன்ஸ் ரிங்ஸ் எக்ஸ்பெரிமென்ட் முழுசா முடிச்சு, உங்ககிட்ட சைன் வாங்கிட்டுதான் கெளம்புனேன். அந்த மூணு அவரையும் பிரசென்ட்டா மாத்தித் தரணும் மேடம், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

வெள்ளிக்கிழமை காரிடார்ல உங்கள பாத்து இத சொல்ல ஆரம்பிச்சேன், நீங்க எக்ஸாம் ஹால் டியூட்டிக்கு போயிட்டு இருந்தீங்க, "வாயால சொன்னா ஞாபகம் இருக்காதும்மா, என்ன தேதி என்ன ப்ரூஃப்னு எழுதி அனுப்பு, பாத்து பண்றேன்"னு சொன்னீங்க. அதனாலதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், நீளமா போயிட்டா கோச்சுக்காதீங்க மேடம்.

அன்னைக்கு நடந்தது இதுதான். லேப் ஒன்றரைக்கு ஆரம்பிச்சுது. நானும் என் பார்ட்னர் ரோல் நம்பர் 25ம் மூணாவது டேபிள்ல செட் பண்ணோம், ஆனா எங்களுக்கு குடுத்த சோடியம் லாம்ப் நிலையாவே எரியல, எரியும் அணையும் எரியும் அணையும், அத வச்சு ரிங்ஸ் பாக்கவே முடியாது. உங்ககிட்ட வந்து சொன்னப்ப ஸ்டோர் ரூம்ல போய் வேற லாம்ப் வாங்கிட்டு வரச் சொன்னீங்க. பார்ட்னர் லென்ஸ் துடைச்சிட்டு இருந்ததால நான்தான் போனேன். அங்க லேப் அசிஸ்டன்ட் அண்ணாவோட ஹெல்பர் பீரோ சாவிய தேடி எடுத்து, லாம்ப ஒரு தடவ போட்டு டெஸ்ட் பண்ணி, ரெஜிஸ்டர்ல எழுத வச்சு அனுப்புறதுக்குள்ள கொஞ்ச நேரம் ஆயிடுச்சு. நான் திரும்பி வந்தப்ப அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சிருந்தாங்க. பார்ட்னர்கிட்ட கேட்டதுக்கு, அண்ணா நம்பர் கூப்டப்ப "ஸ்டோர் ரூம் போயிருக்கா"ன்னு அவ சொன்னாளாம், அதனால போட்டிருப்பாங்கன்னு நானும் விட்டுட்டேன். அந்த நேரத்துல லேப்ல இருந்த சத்தத்துல அது அண்ணா காதுல விழல போல, இது என் யூகம்தான் மேடம். அண்ணா மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, இதுக்காக அவர யாரும் எதுவும் சொல்லிடக் கூடாது, அவர் ஷீட்ல இருந்ததுதான் போர்ட்டலுக்கு வந்திருக்கு.

இனி ப்ரூஃபுக்கு வரேன். எது பலமானது எது சும்மா துணைக்குன்னு நானே பிரிச்சு சொல்லிடறேன், உங்களுக்கு பாக்க ஈஸியா இருக்கும்.

முதல்ல ஆப்சர்வேஷன் நோட். 17ஆம் பக்கத்த போட்டோ எடுத்து `obs_page17.jpg`ன்னு சேத்திருக்கேன். பக்கத்துக்கு கீழ உங்க சிவப்பு மை சைன் இருக்கு, பக்கத்துலயே உங்க கையால 12/9ன்னு தேதியும் போட்டிருக்கீங்க. லேப் முடிஞ்ச பிறகு எந்த நோட்டுலயும் சைன் போட மாட்டேன், மறுநாள் கொண்டு வந்தாலும் போட மாட்டேன்னு செமஸ்டர் ஆரம்பத்துலயே எல்லாருக்கும் சொல்லிட்டீங்க, அப்படியேதான் நடந்துக்கறீங்க (அதுக்காக ரெண்டு மூணு பேர் அழுததும் உங்களுக்கே தெரியும்). ஆக அந்த சைன் அன்னைக்கு, அந்த ரூம்ல, நான் நோட்ட நீட்டி நின்னாத்தான் கெடச்சிருக்கும்.

அதே பக்கத்துல இன்னொன்னும் பாக்கணும் மேடம். ரீடிங் டேபிள்ல ரெண்டு கையெழுத்து இருக்கும். மைக்ரோஸ்கோப்ப ஒரே பக்கமா நகத்தணும், நடுவுல பின்னாடி திருப்புனா பேக்லாஷ் எரர் வந்துரும்னு நீங்க சொன்னதால, இடது பக்கம் 20ஆவது வளையத்துல ஆரம்பிச்சு 10 வரைக்கும் வந்து, நடுவ தாண்டி வலது பக்கம் 10ல இருந்து 20 வரைக்கும் ஒரே போக்குல எடுத்தோம். இடது பக்கம் முழுக்க நான் பாத்து சொல்லச் சொல்ல அவ என் நோட்டுல எழுதுனா, வலது பக்கம் அவ பாத்து சொன்னா, நான் எழுதுனேன். அதான் இடது காலம்ல அவளோட சாஞ்ச எழுத்து, வலது காலம்ல என்னோட உருண்ட எழுத்து. 20ஆவது வளையத்துக்கு இடது 4.512, வலது 3.826, விட்டம் 0.686 செ.மீ. 10ஆவதுக்கு 4.411, 3.926, விட்டம் 0.485. இதுல இருந்து லென்ஸோட வளைவு ஆரம் 99.85 செ.மீ. வந்துச்சு, லாம்போட அலைநீளம் 589.3 நானோமீட்டர்னு வச்சு போட்டது. நீங்க கால்குலேட்டர்ல ஒரு தடவ தட்டிப் பாத்துட்டு "நூறுக்கு கிட்ட வந்துருச்சே"ன்னு சொல்லிட்டு சைன் போட்டீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

பார்ட்னர் நோட்டுலயும் இதே ரீடிங்தான் இருக்கு, அவளுக்கு அதே நாள் P, எனக்கு A. வெறும் நம்பர மட்டும் பாத்தா நான் பின்னாடி காப்பி அடிச்சிருக்கலாம்னு யாராவது சொல்லலாம், அது நியாயமான சந்தேகம்தான். அதனாலதான் நம்பர விட கையெழுத்தையும் உங்க சைனையும் பாருங்கன்னு கேக்கறேன். இல்லாத ஆளோட நோட்டுல பாதி ரீடிங்க அவ எழுதி, மீதி பாதி என் எழுத்துல இருந்து, அதுக்குக் கீழ நீங்க அன்னைக்கே சைன் போட்டிருக்க வழியே இல்ல மேடம்.

ரெண்டாவது ஸ்டோர் ரூம் இஷ்யூ ரெஜிஸ்டர். அண்ணாகிட்ட பர்மிஷன் கேட்டு அந்த வரிய மட்டும் போட்டோ எடுத்தேன், ஃபைல் பேரு `issue_register_12sep.jpg`. "சோடியம் லாம்ப் 1, ரோல் நம்பர் 24, எடுத்த நேரம் 1.45, திருப்பிக் குடுத்த நேரம் 3.50"ன்னு இருக்கு, ரெண்டு எடத்துலயும் என் சைன், கூடவே ஹெல்பரோட இனிஷியல். என்னை கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா அட்டெண்டன்ஸ் எடுத்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னும் இது சொல்லுது, லேப் முடியுற வரைக்கும் இருந்தேன்னும் சொல்லுது. ரெஜிஸ்டர் டிபார்ட்மென்ட்லயே இருக்கு, எப்ப வேணா நேர்ல பாத்துக்கலாம்.

அப்பறம் ஒரு போட்டோ. புது லாம்ப் போட்டதும் உடனே மஞ்சள் வராதே மேடம், முதல்ல பிங்க் கலர்ல மினுக்கிட்டு அப்பறம் மெதுவா முழு மஞ்சளுக்கு வரும், அதுக்கு காத்திருந்து ரிங்ஸ் தெளிவானதும் ரெக்கார்டுல ஒட்ட ஐபீஸ் வழியா ஒரு படம் எடுத்துக்கலாம்னு நீங்க விட்டீங்க. அது என் ஃபோன்ல எடுத்தது, டீடெய்ல்ஸ்ல 12-09-2024, 2.31 பிஎம்னு காட்டுது. அந்த ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கு. ஆனா அதுல வளையம் மட்டும்தான் இருக்கு, என் முகம் இல்ல, ஃபோன வேற யாரும் வாங்கி எடுத்திருக்கலாம், அதனால இத பெரிய ப்ரூஃபுன்னு நான் சொல்ல மாட்டேன், மத்ததோட சேத்து பாத்தா நேரம் ஒத்துப் போகும், அவ்ளோதான்.

போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட்டும் வச்சிருக்கேன். அன்னைக்கு காலைல நாலு பீரியடும் P, மத்தியானம் மூணும் A.

இதுல நான் கேக்கறது இந்த ஒரு நாள மட்டும்தான் மேடம். ஆகஸ்ட்ல காய்ச்சல்னு ரெண்டு லேபுக்கு வரல, அந்த ஆறு அவரும் சரியாவே ஆப்சென்ட்னு இருக்கு, அத பத்தி நான் எதுவும் கேக்கல. இப்ப லேப்ல மொத்தம் 33 அவர்ல 24 தான் காட்டுது, 72.7 சதவீதம், 75க்கு கீழ போயிட்டதால ஷார்ட்டேஜ் லிஸ்ட்ல என் நம்பர் சிவப்புல வந்திருக்கு. இந்த மூணு அவர் சேந்தா 27 ஆயி 81.8 சதவீதம் வந்துரும். லிஸ்ட்ல பேர் இருந்தா பிராக்டிகல் எக்ஸாமுக்கு ஹால் டிக்கெட் வராது, அதுக்கு ஃபைன் கட்டி லெட்டர் குடுத்து பேரண்ட்ஸ கூட்டிட்டு வரணும். உண்மையாவே வராம இருந்து அத பண்ணா பரவால்ல, வந்து ரீடிங் எடுத்த நாளுக்காக வீட்ல போய் என்னன்னு சொல்றது மேடம், எவ்ளோ எடுத்துச் சொன்னாலும் "கிளாஸ் கட் அடிச்சியா"ன்னுதான் முதல் கேள்வி வரும்.

27ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டெண்டன்ஸ லாக் பண்றாங்கன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கு. அதுக்கு முன்னாடின்னா உங்க லாகின்லயே மாத்திடலாமாம், அதுக்கப்பறம்னா ஹெச்ஓடி சைன், ஆபீஸ் சைன்னு போகணும்னு கிளாஸ் அட்வைசர் சொன்னாங்க. அதனால கரெக்ஷன் ஃபார்ம இப்பவே ஃபில் பண்ணி, அட்வைசர்கிட்ட சைன் வாங்கி, அதோட ஸ்கேனையும் இதுல சேத்துட்டேன், சப்ஜெக்ட் டீச்சர்னு இருக்குற எடத்துல உங்க சைன் மட்டும்தான் பாக்கி. ஃபார்ம்ல காரணம்ங்குற எடத்துல "ஸ்டோர் ரூம்ல லாம்ப் மாத்தப் போயிருந்த நேரத்துல வருகை எடுக்கப்பட்டது"ன்னு மட்டும் எழுதியிருக்கேன், வேற மாதிரி எழுதணும்னா சொல்லுங்க, புது ஃபார்ம் வாங்கி மாத்தி எழுதிடறேன்.

நாளைக்கு செவ்வாய்க்கிழமை காலைல இன்டர்வெல்ல 10.50க்கு ஆப்சர்வேஷன் நோட், ஃபார்மோட ஒரிஜினல் ரெண்டையும் எடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வரேன் மேடம். பார்ட்னரும் அவ நோட்டோட கூட வரேன்னு சொல்லியிருக்கா, அவகிட்ட நீங்க தனியா கேட்டாலும் சரி. நாளைக்கு உங்களுக்கு டைம் இல்லன்னா புதன் வியாழன் எப்ப வரணும்னு ஒரு வரி அனுப்புனா போதும், அந்த நேரத்துக்கு வந்துடறேன். ஷீட்ல வேற ஏதாவது குறிப்பு இருந்து, அதனாலதான் ஆப்சென்ட் போட்டிருக்கீங்கன்னா அதையும் தயவுசெஞ்சு சொல்லுங்க மேடம், அதுக்கும் என்னால பதில் சொல்ல முடியும்.

உங்க டைம எடுத்துக்கிட்டதுக்கு சாரி மேடம், பாத்து செய்ங்க.

இப்படிக்கு,
உங்க ஸ்டூடன்ட்
கார்த்திகா
ரோல் நம்பர் 24, பி பேட்ச்
பிஎஸ்சி பிசிக்ஸ், செகண்ட் இயர்

பி.கு: ரெஜிஸ்டர் போட்டோல 1.45ங்குறதுல கடைசி 5 கொஞ்சம் மங்கலா தெரியும், ட்யூப்லைட் வெளிச்சம் அடிச்சிருச்சு. ஜூம் பண்ணா தெரியுது, உங்க ஃபோன்ல தெரியலன்னா சொல்லுங்க, வேற எடுத்து அனுப்பறேன்.